பிந்தையதும் தோற்றது, சிறப்பானதும் தோற்றது

1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி நகரத்துக்கு மேலே பான் ஆம் விமானம் வெடித்துச் சிதறியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 270 பேர் இறந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, இரண்டு லிபியர்கள் மீது குற்றம்சாட்டிய அமெரிக்காவும் பிரிட்டனும் அவர்களை ஒப்படைக்கச் சொல்லின. லிபியா மறுத்தது.

மறுக்க லிபியாவிடம் காகிதம் இருந்தது. விமானங்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய 1971-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையில் மூன்று நாடுகளுமே இணைந்தவை. சந்தேக நபரை வேறு நாட்டிடம் ஒப்படைக்காவிட்டால், தன் நாட்டிலேயே வழக்கு நடத்த வேண்டும் என்கிறது அது. “நாங்களே விசாரிக்கிறோம்” என்ற லிபியா, 1992 மார்ச் 3 அன்று ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தை நாடி, தன்னை நெருக்குவதற்கு இடைக்காலத் தடை கேட்டது.

வாதங்கள் முடிந்தது மார்ச் 28. மூன்றே நாளில் ஐ.நா. பாதுகாப்பு சபை 748-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது: ஆட்களை ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் விமானப் போக்குவரத்துக்கும் ஆயுத விற்பனைக்கும் தடை. வாக்கெடுப்பில் இந்தியா உட்பட ஐந்து நாடுகள் ஒதுங்கிக்கொண்டன.

இப்போது எதற்குக் கட்டுப்படுவது, உடன்படிக்கைக்கா, தீர்மானத்துக்கா?

சட்டங்கள் முட்டிக்கொண்டால் வழக்கமாக இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒருவர் இரண்டு உயில் எழுதியிருந்தால் கடைசி உயில்தான் செல்லும். அதுபோல பிந்தைய உடன்படிக்கை முந்தையதை வெல்லும். பொதுவாகப் பேசும் விதியைவிட, குறிப்பிட்ட விஷயத்துக்கென்றே எழுதிய சிறப்பு விதிக்கு வலு அதிகம். ஐ.நா. சாசனம் 1945-இல் பிறந்தது, பொதுவானது. மான்ட்ரியல் உடன்படிக்கையோ 26 ஆண்டு இளையது, விமானக் குற்றங்களுக்கென்றே எழுதப்பட்டது. இரண்டு அளவுகோலிலும் லிபியாவுக்கே வெற்றி.

ஆனால் ஏப்ரல் 14 அன்று, 11-க்கு 5 என்ற வாக்கில், நீதிமன்றம் தடை தர மறுத்தது. காரணம் சாசனத்தின் 103-வது பிரிவு. (விழுந்த விமானத்தின் எண்ணும் 103 என்பது தற்செயல்தான்.) சாசனத்தால் வரும் கடமையும் வேறு உடன்படிக்கையால் வரும் கடமையும் மோதினால், சாசனக் கடமையே மேல் என்கிறது அது. பாதுகாப்பு சபையின் முடிவுகளை உறுப்பு நாடுகள் ஏற்க வேண்டும் என்பது 25-வது பிரிவு. இரண்டையும் கோத்துப் பார்த்தால், இரண்டு வாரம் முன்பு வந்த தீர்மானத்துக்கும் சாசனத்தின் பலம் கிடைத்துவிடுகிறது. எது முந்தியது, எது சிறப்பானது என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. உடன்படிக்கைகளுக்கான 1969 வியன்னா விதிகளும் பிந்தையதே செல்லும் என்று சொல்வதற்கு முன்பே, 103-வது பிரிவுக்கு உட்பட்டு என்று சொல்லிவிடுகின்றன.

மான்ட்ரியல் உடன்படிக்கை இதனால் செத்துவிடவில்லை. மோதுகிற இடத்தில் மட்டும் ஒதுங்கி நிற்கிறது. அந்த உத்தரவும் முதல் பார்வைக்குச் சொன்னதுதான். 1998-இல் அதே நீதிமன்றம், வழக்கு தாக்கலான தேதி தீர்மானத்துக்கு முந்தையது என்று கூறி, விசாரணையைத் தொடர அனுமதித்தது. முழு விசாரணை நடக்கவே இல்லை. அடுத்த ஆண்டு இருவரும் நெதர்லாந்தில் ஸ்காட்லாந்து நீதிபதிகள் நடத்தும் விசாரணைக்கு ஒப்படைக்கப்பட்டார்கள். 2003-இல் வழக்கு திரும்பப் பெறப்பட்டது.