பாறையிலிருந்து பத்திரிகைக்கு... படம் போகும் பாதை!

கன்னியாகுமரி படகுத்துறையில் நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பாறையில் விவேகானந்தர் மண்டபம். பக்கத்துப் பாறையில் 133 அடி உயர திருவள்ளுவர் சிலை. இரண்டையும் இணைத்து 77 மீட்டர் நீளத்தில் ஒரு கண்ணாடிப் பாலம். இந்தப் பாலத்தை 2024 டிசம்பர் 30 அன்று மாலை முதல்வர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார்.

அந்த மாலை நேரத்தில், கழுத்தில் கேமராவுடன் நீங்கள் அங்கே நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீங்கள் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர். அலுவலகத்தில் முதல் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார்கள். இன்னும் சிறிது நேரத்தில் பக்கத்தை முடித்து அச்சுக்கு அனுப்ப வேண்டும். நீங்களோ கடல் நடுவே நிற்கிறீர்கள். படகு ஏறிக் கரைக்கு வர நேரம் இல்லை. படம் எப்படிப் போய்ச் சேரும்?

அன்று பிலிம், இன்று அலை

இதே வள்ளுவர் சிலையை 2000 ஜனவரி 1 அன்று திறந்தார்கள். அப்போது பெரும்பாலான புகைப்படக்காரர்கள் கையில் இருந்தது பிலிம் கேமரா. படம் எடுத்தபின் படகில் கரைக்கு வர வேண்டும். பிலிம் சுருளை இருட்டறையில் ரசாயனத்தில் கழுவ வேண்டும். காய்ந்த பிறகுதான் படம் எப்படி வந்திருக்கிறது என்பதே தெரியும்.

டிஜிட்டல் கேமரா வந்தபோது கழுவும் வேலை போனது. ஆனால் மெமரி கார்டைக் கழற்றி, கம்ப்யூட்டரில் போட்டு, அதிலிருந்து அனுப்பும் வேலை மிச்சம் இருந்தது. அதற்கும் வழி பிறந்தது. 2003-ல் நிக்கான் நிறுவனம், தனது டி2எச் கேமராவின் அடியில் பொருத்தும் WT-1 என்ற கருவியைக் கொண்டுவந்தது. கேமராவே கம்பியில்லாமல் படத்தை அனுப்பியது! இப்போது செய்தியாளர்கள் பயன்படுத்தும் பல கேமராக்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

கேமரா முதலில் உங்கள் செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் சேரும். செல்போன் டவரைப் பிடிக்கும். டவர் வழியாகப் படம் பத்திரிகை அலுவலகத்தின் சர்வருக்குப் போகும். சர்வர் என்பது எப்போதும் விழித்திருந்து, வருகிற பைல்களை வாங்கி வைக்கும் கம்ப்யூட்டர். கேமராவும் சர்வரும் பேசிக்கொள்ள ஒரு பொது முறை வேண்டும் அல்லவா? அதற்குப் பெயர்தான் எஃப்.டி.பி.

இந்த முறையை முதன்முதலில் எழுதியவர் யார் தெரியுமா? அலகாபாத்தில் பிறந்த அபய் பூஷண் என்ற இந்தியர்! கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணி மாணவர்களில் ஒருவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இருந்தபோது, 1971 ஏப்ரலில் இதை எழுதினார்.

இரண்டு வழிகள்

ஊரிலிருந்து உங்கள் மாமா பஸ்ஸில் ஒரு பலாப்பழம் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். போனில், "பழம் ஏற்றிவிட்டேன், வடசேரி பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்" என்கிறார். பேச்சு போனில் போகிறது. பழம் பஸ்ஸில் போகிறது. எஃப்.டி.பி.யும் அப்படித்தான். பேசுவதற்கு ஒரு வழி. படம் போவதற்கு வேறொரு வழி.

அந்தப் பேச்சைக் கொஞ்சம் ஒட்டுக்கேட்போமா? எண்ணில் தொடங்குபவை சர்வர் சொல்வது. மற்றவை கேமரா சொல்வது.

```
220 Service ready
USER kumari
331 Password required
PASS ********
230 User logged in
TYPE I
200 Type set to I
PASV
227 Entering Passive Mode (203,0,113,5,195,80)
STOR KKR_0417.JPG
150 Opening data connection
226 Transfer complete
```

முதலில் கேமரா தன் பெயரையும் பாஸ்வேர்டையும் சொல்கிறது. சரியாக இருந்தால் சர்வர் 230 என்று உள்ளே விடுகிறது. பாஸ்வேர்டில் ஒரு எழுத்து தப்பினாலும் 530 என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும்.

அடுத்து TYPE I. "வருவது எழுத்து அல்ல, படம். ஒரு புள்ளியையும் மாற்றாமல் அப்படியே வாங்கிக்கொள்" என்று அர்த்தம். எழுத்துக் கோப்பு என்றால் வரி முடியும் இடங்களைச் சர்வர் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். படத்தில் அப்படி மாற்றினால் படமே கெட்டுவிடும்.

யார் யாரைத் தேடி வருவது?

படம் போகும் இரண்டாவது வழியை யார் திறப்பது? பழைய முறையில், கேமரா "இந்தக் கதவில் நிற்கிறேன், வா" என்று சொல்லும். சர்வர் அங்கே தேடி வர வேண்டும். செல்போன் வழியாகப் போகும்போது இங்கேதான் சிக்கல். வெளியிலிருந்து அழைக்காமல் வருகிற எவரையும் செல்போன் நிறுவனத்தின் காவல் உள்ளே விடாது. சர்வர் வாசலிலேயே நிற்கும். கேமரா காத்திருக்கும். கடைசியில் 425 என்று பதில் வரும். "படத்துக்கான வழியைத் திறக்க முடியவில்லை" என்று பொருள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரையும் பாஸ்வேர்டையும் சர்வர் ஏற்றுக்கொண்டிருக்கும். ஆனால் ஒரு படம்கூடப் போகாது. அப்படியானால் கோளாறு இரண்டாவது வழியில்தான்.

அதற்கு மருந்துதான் PASV. "நீ வராதே, நானே வருகிறேன். எந்தக் கதவு என்று மட்டும் சொல்" என்கிறது கேமரா. சர்வர் 227 என்று சொல்லி ஆறு எண்கள் தருகிறது. முதல் நான்கும் சர்வரின் முகவரி. கடைசி இரண்டில் கதவு எண் ஒளிந்திருக்கிறது. முதல் எண்ணை 256-ஆல் பெருக்கி, இரண்டாவதைக் கூட்ட வேண்டும். 195 × 256 = 49,920. அதோடு 80-ஐக் கூட்டினால் 50,000. கேமரா 50,000-ஆம் எண் கதவைத் தட்டுகிறது. கதவு திறக்கிறது. படம் போகிறது!

கேமராவின் மெனுவில் இது 'பாசிவ் மோடு' என்ற பெயரில் இருக்கும். கிளம்புவதற்கு முன் அலுவலகத்திலேயே அதைப் போட்டு, ஒரு சோதனைப் படம் அனுப்பிப் பார்ப்பவர்தான் கெட்டிக்காரப் புகைப்படக்காரர். அந்தச் சோதனையையும் அலுவலக வைஃபையில் செய்யக்கூடாது. செல்போன் வழியாகவே செய்ய வேண்டும். மாலையில் பாறையில் இருக்கப்போவது அந்த வழிதானே!

கூட்டத்தில் ஒரு கணக்கு

கண்ணாடிப் பாலத்துக்கு வருவோம். எல்லாம் சரியாக இருக்கிறது. நீங்கள் பத்துப் படங்களை அனுப்புகிறீர்கள். ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது! ஏன்? சுற்றி நிற்கிற எல்லோரும் அதே டவரில் படமும் வீடியோவும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு பெரிய படம் 10 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். இணைய வேகத்தை மெகாபிட்டில் அளப்பார்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆகவே படம் 80 மெகாபிட். காலையில் கூட்டம் இல்லாதபோது வினாடிக்கு 4 மெகாபிட் போனது என்றால், ஒரு படத்துக்கு 20 வினாடி. மாலைக் கூட்டத்தில் அதே வேகம் அரை மெகாபிட்டாகக் குறைந்துவிட்டால்? ஒரு படத்துக்கு 160 வினாடி. பத்துப் படத்துக்கு 26 நிமிடம் 40 வினாடி. அதற்குள் பக்கமே முடிந்துவிடும்!

என்ன செய்யலாம்? பத்திரிகையில் அந்தப் படம் 8 அங்குல அகலத்தில் வரப்போகிறது. ஒரு அங்குலத்துக்கு 200 புள்ளி போதும். ஆக 1,600 புள்ளி. உங்கள் கேமராவோ 6,000 புள்ளி அகலத்தில் எடுக்கிறது. அவ்வளவையும் ஏன் சுமக்க வேண்டும்? அதனால் கேமராவில் இரண்டு கார்டு போடுவார்கள். ஒன்றில் பெரிய படம் பத்திரமாக இருக்கும். மற்றொன்றில் அதே காட்சி சின்னப் படமாகப் பதியும். சின்னதை மட்டும் அனுப்புவார்கள். சின்னப் படம் 1 மெகாபைட் என்றால் 16 வினாடியில் போய்விடும். ஒரு பெரிய படம் போகிற நேரத்தில் பத்துச் சின்னப் படங்கள்! அதிலும் எல்லாவற்றையும் அனுப்பாமல், நல்ல படமாகப் பார்த்து இரண்டு மூன்றை மட்டும் அனுப்புவார்கள்.

226 வந்ததா?

படம் போய்க்கொண்டிருக்கும்போதே படகு வந்துவிட்டது. அவசரத்தில் கேமராவை அணைத்துவிட்டீர்கள். என்ன ஆகும்? சர்வரில் பைலின் பெயர் இருக்கும். "படம் வந்துவிட்டது" என்று அலுவலகத்தில் திறப்பார்கள். மேல்பாதியில் வள்ளுவர் தலை தெரியும். கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம்! பாதி பைல்தான் போயிருக்கிறது.

அதனால்தான் கடைசி வரியில் இருக்கிற 226 முக்கியம். "முழுதும் வாங்கிவிட்டேன்" என்று சர்வர் சொல்லும் ரசீது அது. கேமராத் திரையில் எண்ணுக்குப் பதில் ஒரு குறி தெரியலாம். அது வந்த பிறகே கேமராவை அணைக்க வேண்டும். சந்தேகம் என்றால் பைலின் அளவைக் கேட்டுப் பாருங்கள். கார்டில் இருக்கும் அளவும் சர்வரில் இருக்கும் அளவும் ஒன்றாக இருந்தால் முழுப்படம் போய்விட்டது.

எஃப்.டி.பி.க்கு ஒரு குறையும் உண்டு. பழைய முறையில் பாஸ்வேர்ட் அஞ்சலட்டையில் எழுதியதுபோலத் திறந்தபடியே போகும். வழியில் இருப்பவர் படித்துவிடலாம். அதனால் இப்போது உறைக்குள் வைத்து ஒட்டியதுபோல, சங்கேதமாக்கி அனுப்பும் FTPS, SFTP முறைகளைப் பல கேமராக்களில் பயன்படுத்துகிறார்கள்.

டவரே இல்லாவிட்டால்?

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியது. ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்தன. மின்கம்பங்கள் முறிந்து ஊர்கள் இருளில் மூழ்கின. மின்சாரம் இல்லாவிட்டால் டவரும் அதிக நேரம் தாங்காது. அப்படிப்பட்ட நாளில் PASV-யும் உதவாது, சின்னப் படமும் உதவாது. மெமரி கார்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, விழுந்த மரங்களைத் தாண்டி, சிக்னல் கிடைக்கும் ஊர்வரை போக வேண்டியதுதான். மறுபடியும் படத்தை ஆளே சுமக்கும் பழைய காலம்!

நாளைக் காலை பத்திரிகையில் ஒரு பெரிய படத்தைப் பார்த்தால், அதற்குப் பின்னால் ஒருவர் கேமராத் திரையைப் பார்த்தபடி அந்த ரசீதுக்காகக் காத்திருந்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு ஒரு கணக்கு: பக்கம் முடிய இன்னும் 2 நிமிடம். உங்களிடம் 1.5 மெகாபைட் அளவுள்ள 4 படங்கள். வேகம் வினாடிக்கு அரை மெகாபிட். நான்கும் போய்ச் சேருமா?

விடை: சேரும். ஒரு படம் 12 மெகாபிட்; அதற்கு 24 வினாடி. நான்குக்கும் 96 வினாடி. இன்னும் 24 வினாடி மிச்சம்!