பிளக்கைப் பிடுங்கினால் தெரியும்

இரவு பதினொன்றரை மணி. வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடி வீடு. சமையலறை விளக்கை அணைக்கப் போன குடும்பத் தலைவிக்கு ஒரு சத்தம் கேட்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. மெஷினில் டேங்க் நிரம்பியதற்கான விளக்கு எரிகிறது. உள்ளே மோட்டார் ஓடவில்லை. ஆனாலும் சிங்க்குக்குள் தொங்கும் வேஸ்ட் டியூபில் நூல் பிடித்த மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஒரு டம்ளரைப் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் சுமார் 100 மில்லி. சின்ன விஷயம்போலத்தான் தெரியும். கணக்குப் போட்டால் ஒரு மணி நேரத்துக்கு 6 லிட்டர், ஒரு நாளைக்கு 144 லிட்டர்.

இதற்கு மெஷினையே மாற்றச் சொல்பவர்களும் உண்டு. உண்மையில் இங்கே சந்தேகத்துக்கு உரியவை இரண்டே உறுப்புகள்தான்: ஃப்ளோட் சுவிட்ச், சோலனாய்டு வால்வு. மெக்கானிக்குகள் இரண்டாவதைச் சுருக்கமாக எஸ்.வி. என்பார்கள்.

கழிப்பறை ஃப்ளஷ் டேங்கில் மிதக்கும் பந்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். தண்ணீர் ஏறினால் பந்து ஏறும், அதோடு இணைந்த கம்பி குழாயின் வாயை நேரடியாக அடைக்கும். ஆர்.ஓ. மெஷினில் அந்த வேலையை இருவர் பிரித்துக்கொள்கிறார்கள். டேங்குக்குள் இருக்கும் ஃப்ளோட் தண்ணீரைத் தொட்டுச் சேதி சொல்லும், அவ்வளவுதான். தண்ணீரைத் தடுப்பது அதன் வேலையில்லை. தடுப்பது, வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரும் குழாயில் உட்கார்ந்திருக்கும் எஸ்.வி.

ஃப்ளோட்டுக்குள் ஒரு சிறிய காந்த வளையம் இருக்கிறது. அது மேலும் கீழும் நகரும் தண்டுக்குள், கண்ணாடிக் குழலில் அடைத்த இரண்டு மெல்லிய உலோக இதழ்கள். காந்தம் அருகில் வந்தால் இதழ்கள் ஒட்டும், விலகினால் பிரியும். 1936-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வால்டர் எல்வுட் உருவாக்கிய ரீட் சுவிட்ச்தான் இது. தொலைபேசி இணைப்பகங்களில் பேர்போன அந்தச் சாதனம் இன்று நம் குடிதண்ணீர் டேங்குக்குள் மிதக்கிறது. டேங்க் காலியாக இருக்கும்போது இதழ்கள் ஒட்டியிருக்கும், 24 வோல்ட் மின்சாரம் மோட்டாருக்கும் எஸ்.வி.க்கும் போகும். நிரம்பியதும் ஃப்ளோட் ஏறி மின்சாரத்தை வெட்டிவிடும்.

மோட்டார் நின்றால் போதாதா, எஸ்.வி. எதற்கு? போதாது. இந்தச் சின்ன பம்ப் நின்றிருந்தாலும், மொட்டை மாடித் தொட்டியின் அழுத்தத்தில் வரும் தண்ணீர் அதன் ஊடாகவே போய்விடும். அதனால்தான் மின்சாரம் இல்லாதபோது மூடிக்கொள்ளும் ஒரு கதவு தேவைப்படுகிறது. எஸ்.வி.யின் சுருளில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு ‘டிக்’ என்று மேலே இழுக்கப்பட்டு வழி திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் அதைக் கீழே தள்ளும், ரப்பர் தகடு வழியை அடைக்கும்.

நிற்காத மெஷினில் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க ஸ்குரூடிரைவர்கூட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கிய அழுத்தம் வடிவதற்கு இரண்டு நிமிடம் பொறுத்து, வேஸ்ட் டியூபைப் பார்க்க வேண்டும். கரண்ட் இல்லாமலே தண்ணீர் வந்துகொண்டிருந்தால் கதவு சரியாக மூடவில்லை என்று பொருள், அதாவது எஸ்.வி. கோளாறு. தண்ணீர் நின்றுவிட்டால் கதவில் குறையில்லை. டேங்க் நிரம்பி வழிந்தும் அதற்கு மின்சாரம் போய்க்கொண்டிருந்திருக்கிறது, ஆகவே ஃப்ளோட்டைப் பார்க்க வேண்டும்.

வேளச்சேரி வீட்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒழுகியது. முந்தைய நாள்தான் வெளி ஃபில்டரை மாற்றியிருந்தார்கள். மரை இறுக்கச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பின் நுனி ஒன்று பிய்ந்து தண்ணீரோடு போய், எஸ்.வி.யின் ரப்பர் தகட்டுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. கதவிடுக்கில் துணி சிக்கிய கதைதான். ஃபில்டர் மாற்றிய மறுநாளே தொடங்கும் ஒழுக்கு என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தொட்டி கழுவிய பிறகு வரும் மண் துகளும் இதே வேலையைச் செய்யும். வால்வைக் கழற்றி அலசினால் சில சமயம் சரியாகிவிடும். ரப்பர் தேய்ந்திருந்தால் புதிதுதான் போட வேண்டும். புதிதைப் பொருத்தும்போது மேலே உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் திசையைக் காட்ட வேண்டும். தலைகீழாக மாட்டினால் புது வால்வும் ஒழுகும், பழி மட்டும் தயாரிப்பாளர்மேல் விழும்.

ஃப்ளோட்டின் குறும்பு வேறு மாதிரி. டேங்கின் உள்சுவரில் வழுவழுப்பு படிந்தால் அது தண்டில் ஒட்டிக்கொள்ளும். கீழே ஒட்டினால் டேங்க் வழிய வழிய மோட்டார் ஓடும், மேலே ஒட்டினால் டேங்க் காலியாகியும் மெஷின் அசையாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், கழுவினால் சரியாகும்.

கழுவியதால் வரும் வினையும் உண்டு. ஒரு வீட்டில் டேங்கைச் சுத்தமாகத் தேய்த்து மாட்டிய பிறகு மெஷின் கிளம்பவே இல்லை. பவர் விளக்கு எரிகிறது, டேங்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, மோட்டார் ஊமை. சோதனைக்காகக் கேன் தண்ணீரை ஊற்றி டேங்கை நிரப்பினார்கள். ஃப்ளோட் மிதந்ததும் மோட்டார் உறுமத் தொடங்கியது, நிற்கவும் இல்லை! காலியானால் தூக்கம், நிரம்பினால் ஓட்டம். தண்டின் முனையில் இருக்கும் சிறு கிளிப்பைக் கழற்றி ஃப்ளோட்டைக் கழுவியவர், திரும்பப் போடும்போது அதைத் தலைகீழாகக் கோத்துவிட்டார். உள்ளிருக்கும் காந்தம் இடம் மாறவே சேதியும் நேர்மாறாகிவிட்டது. கவிழ்த்துப் போட்டதும் மெஷின் வழிக்கு வந்தது. செலவு ஒன்றுமில்லை.

கிளம்பாத மெஷினுக்குக் காது கொடுத்துக் கேட்பது நல்லது. முதலில் சமையலறைக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல மெஷின்களில் அழுத்தம் குறைந்தால் மோட்டாரை ஓடவிடாத ஒரு சுவிட்சும் இருக்கிறது, மாடித் தொட்டி காலியானால் அதுவே தடுத்துவிடும். தண்ணீர் இருந்தும் மோட்டார் பேசாவிட்டால், பிளக்கை எடுத்துவிட்டு ஃப்ளோட்டின் இரண்டு ஒயர்களையும் கழற்றி மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்கலாம். ஃப்ளோட் கீழே இருக்கும்போது ‘பீப்’ சத்தமும், தூக்கினால் மௌனமும் வந்தால் அது நிரபராதி. அடுத்த சந்தேகம் 230 வோல்ட்டை 24 ஆக மாற்றும் அடாப்டர். அதன் மூடியை வீட்டில் திறக்கக் கூடாது.

மோட்டார் ஓடுகிறது, வேஸ்ட் டியூபில் ஒரு சொட்டும் இல்லை என்றால் திரும்பவும் எஸ்.வி. பக்கம் போக வேண்டும். பிளக்கைச் செருகும்போது ‘டிக்’ கேட்கவில்லையா, சுருள் எரிந்து கதவு திறக்காமல் இருக்கலாம். ‘டிக்’ கேட்டும் தண்ணீர் வராவிட்டால் முன்னால் இருக்கும் ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

இரண்டும் நல்லபடி இருந்தும் மோட்டார் நாள் முழுக்க ஓடும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே டேங்க் நிரம்புவதே இல்லை. வேஸ்ட் டியூபில் மட்டும் தண்ணீர் தாராளமாகப் போகும், நல்ல தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழும். ஃப்ளோட் உயர்ந்தால்தானே சேதி சொல்லும்? அந்த வீட்டில் பார்க்க வேண்டியது உப்பு படிந்து அடைத்த மெம்பிரேனை.