ஒரு சிம் பேசும்போது மற்றொன்று

பதினைந்து வருடத்துக்கு முன்னால் இரண்டு சிம் போடும் போனை வாங்கியவர்கள் கணக்குப் பார்த்துத்தான் வாங்கினார்கள். ஒரே கம்பெனி எண்களுக்குள் பேசினால் காசு குறைவு. உள்ளூருக்கு ஒரு சிம், வெளியூருக்கு ஒன்று. போன் திரையில் இரண்டு சிக்னல் கோபுரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஆனால் முதல் சிம்மில் பேச ஆரம்பித்த நொடியில் இரண்டாவது சிம் உலகத்துக்கு இல்லாமல் போய்விடும். அந்த எண்ணுக்கு அழைப்பவர் காதில் ‘ஸ்விட்ச் ஆஃப்’ என்றோ ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றோ விழும். பேசி முடித்து வைத்த பிறகு “ஏன் போனை அணைச்சு வெச்சிருந்தே?” என்று வந்த விசாரணைகளுக்குப் பலரிடம் பதில் இருந்ததில்லை.

காரணம் எளிமையானது. போனுக்குள் சிம் இரண்டு. டவரோடு பேசும் ரேடியோ ஒன்று. டூயல் ஸ்டாண்ட்பை என்ற பெயரிலேயே விஷயம் இருக்கிறது: இரண்டும் காத்திருக்கலாம், இரண்டும் பேச முடியாது. சும்மா இருக்கும் போன் டவரை எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. ‘உனக்கு அழைப்பு இருக்கிறது’ என்று டவர் சொல்கிறதா என்று குறித்த இடைவெளியில் ஒரு கணம் காது கொடுத்துவிட்டு மறுபடி உறங்கும். 4ஜியில் அந்த இடைவெளி பெரும்பாலும் 1.28 நொடி. இவ்வளவு ஓய்வு இருப்பதால், ஒரே ரேடியோ இந்த சிம்முக்கு ஒரு கணம், அந்த சிம்முக்கு ஒரு கணம் என்று சிரமமில்லாமல் மாறி மாறிக் கேட்கிறது. பேச்சு தொடங்கினால் நிலைமை வேறு. நம் குரல் 20 மில்லி நொடிக்கு ஒரு துண்டாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரேடியோ அங்கே இங்கே நகர முடியாது.

அந்தக் காலத்தில் இதற்கு ஒரு தந்திரம் இருந்தது. சாம்சங் தன் டூயோஸ் போன்களில் அதை ஒரு வசதியாகவே வைத்திருந்தது. முதல் சிம்முக்கு இணைப்பு கிடைக்காவிட்டால் அழைப்பை இரண்டாவது எண்ணுக்குத் திருப்பு, இரண்டாவதற்குக் கிடைக்காவிட்டால் முதல் எண்ணுக்குத் திருப்பு என்று இரண்டு கம்பெனிகளிடமும் சொல்லி வைப்பது. நாம் பேசிக்கொண்டிருக்கும் எண்ணிலேயே இரண்டாவது அழைப்பு ‘கால் வெயிட்டிங்’ ஆக வந்து நிற்கும். திருப்பிவிடப்பட்ட அழைப்புக்கு நம் கணக்கில் காசு போனது என்பது பில் வந்த பிறகு தெரியும்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது வேறொரு சிக்கல் முளைத்தது. ஜியோவுக்கு 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. பேச்சே 4ஜி வழியாக, வோல்ட்டியில்தான். அன்றைய பல போன்களில் ஒரு ஸ்லாட் மட்டுமே 4ஜி, மற்றது வெறும் 2ஜி. ஜியோ சிம்மை அந்த இரண்டாவது ஸ்லாட்டில் போட்டவருக்குச் சிக்னலே இல்லை. 2017-இன் பிற்பாதியில்தான் இரண்டு ஸ்லாட்டிலும் வோல்ட்டி தாங்கும் சிப்கள் வந்தன. 5ஜியிலும் இதே கதை ஒருமுறை திரும்பியது. 2020-இல் வந்த ஐபோன் 12-இல் இரண்டு சிம்மும் ஓடினால் பல நாடுகளில் 5ஜி கிடைக்காது. அடுத்த வருடம் ஐஓஎஸ் 14.5 வந்த பிறகே அது சரியானது.

ஆக, இன்று விற்கும் போன் பெட்டியில் ‘டூயல் 5ஜி’ என்று போட்டிருப்பது பொய்யல்ல. இரண்டு சிம்மும் 5ஜியில் காத்திருக்கும். பேசும்போது என்ன ஆகும் என்பதைத்தான் பெட்டி சொல்வதில்லை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அப்பாவின் போனில் முதல் சிம், வங்கி முதல் உறவினர் வரை எல்லோரிடமும் இருக்கும் பழைய எண். இரண்டாவது சிம்மில் 5ஜி டேட்டா. அதன் ஹாட்ஸ்பாட்டில் மகள் ஆன்லைன் வகுப்பு பார்க்கிறாள். முதல் சிம்முக்கு அழைப்பு வருகிறது, அப்பா எடுக்கிறார். இரண்டாவது சிம் பக்கத்தில் இருந்த 5ஜி குறி மறைகிறது, வகுப்பு உறைந்து நிற்கிறது. “நெட் போச்சுப்பா!” அழைப்பை வைத்த சில நொடிகளில் குறி திரும்புகிறது. அந்தச் சமயத்தில் இரண்டாவது எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டிருந்தால் அதுவும் பேச்சு முடிந்த பிறகே வந்து சேரும். ஓடிபியின் ஆயுள் அதற்குள் முடிந்திருக்கலாம்.

அன்று இழந்தது அழைப்பை. இன்று அதோடு நெட்டையும் இழக்கிறோம், அதுதான் அதிகம் வலிக்கிறது.

இது டவரின் கோளாறா, போனின் வரம்பா என்று கண்டுபிடிக்க வழி உண்டு. முதல் சிம்மில் ஒரு அழைப்பை ஓடவிட்டு, வேறொரு போனிலிருந்து இரண்டாவது எண்ணை அழைத்துப் பாருங்கள். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்று வந்து, அழைப்பை வைத்ததும் எல்லாம் சரியானால் அது போனின் வரம்பு. வைத்த பிறகும் 5ஜி திரும்பவில்லை என்றால் மட்டும் கவரேஜையோ செட்டிங்ஸையோ சந்தேகிக்கலாம்.

இதற்குப் போன்கள் வைத்திருக்கும் மருந்து, பேச்சு நடக்கும் சிம்மிலேயே டேட்டாவையும் தற்காலிகமாக ஓட்டுவது. ஐபோனில் `Allow Cellular Data Switching`; ஆண்ட்ராய்டில் `Data during calls`, `Auto data switching` போன்ற பெயர்கள். இதைப் போட்டும் நெட் வரவில்லை என்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதல் சிம்மில் டேட்டா பேக் இருக்கிறதா? அந்த சிம்மில் வோல்ட்டி இயங்குகிறதா? ஜியோ அல்லாத சிம்மில் வோல்ட்டி அணைந்திருந்தால் பேச்சு பெரும்பாலும் 2ஜிக்கு இறங்கிவிடும். அங்கே பேச்சும் டேட்டாவும் சேர்ந்து போகாது. இரண்டும் சரியாக இருந்தாலும் மாறும் கணத்தில் வீடியோ ஒருமுறை அறுந்துதான் இணையும், ஏனென்றால் போனின் இணைய முகவரியே மாறுகிறது.

இரண்டாவது எண்ணுக்கு வரும் அழைப்பைத் தவறவிடக் கூடாது என்றால் வைஃபை காலிங் நல்ல வழி. வீட்டு வைஃபையில் அந்த சிம் பதிவாகிவிட்டால் அதற்கு டவர் ரேடியோவே தேவையில்லை. பழைய அழைப்புத் திருப்பல் தந்திரம் இன்றும் செல்லும். ஆனால் மோசடிக்காரர்கள் `*401#` போட வைத்து அழைப்புகளைத் தங்கள் எண்ணுக்குத் திருப்பிக்கொண்டதால், அவ்வகைக் குறியீட்டுச் சேவையை 2024 ஏப்ரலிலிருந்து நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. யாராவது போனில் சொல்லிக்கொடுத்து எந்தக் குறியீட்டையும் போடச் சொன்னால் போடாதீர்கள்.

இரண்டு சிம்மும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் ‘டூயல் ஆக்டிவ்’ போன்கள் இல்லாமல் இல்லை. குவால்காம் 2022 இறுதியில் வெளியிட்ட ஸ்னாப்டிராகன் 8 ஜென் 2 சிப்பில் அந்த வசதி உண்டு. ஆனால் சிப்பில் இருந்தால் போதாது. போன் கம்பெனி அதை இயக்கியிருக்க வேண்டும். இரண்டு சிம்களும் பிடித்திருக்கும் அலைவரிசைகள் ஒன்றை ஒன்று கெடுக்காத ஜோடியாகவும் அமைய வேண்டும். 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஓடும் வகை 5ஜியில் ஒரே சிம் இரண்டு ஒலிபரப்பு வழிகளையும் எடுத்துக்கொள்கிறது. மற்ற சிம்முக்கு மிச்சம் இல்லை. அதனால் ஒரே போன் ஓர் ஊரில் இரண்டையும் காட்டும், பக்கத்து ஊரில் காட்டாது.

புதுப் போனுக்குச் செலவு செய்வதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அதிகம் அழைப்பு வரும் எண் எதுவோ, டேட்டாவையும் அதே சிம்மில் போடுங்கள். வோல்ட்டியில் ஒரே சிம்முக்குள் பேச்சும் நெட்டும் சேர்ந்தே ஓடும்.