காய்ந்ததா என்று யாரைக் கேட்பது?

ஐப்பசி அடைமழை நாளில், சென்னைக் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் கிரிக்னார்ட் வினை செய்ய உட்கார்ந்தேன். குடுவையில் மெக்னீசியம் சீவல்கள், ஒரு துணுக்கு அயோடின், புரோமோபென்சீன், டி.எச்.எஃப். எனப்படும் டெட்ராஹைட்ரோஃப்யூரான். வினை பிடித்துக்கொண்டால் அயோடினின் பழுப்பு மறைந்து, குடுவை தானாகவே சூடேறிக் கொதிக்கும். ஒரு மணி நேரமாகியும் பழுப்பு அப்படியே நின்றது. சீவல்கள் பளபளவென்று அடியில் கிடந்தன. கரைப்பான் புட்டியின் லேபிளில் ‘உலர்ந்தது’ என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அந்தப் புட்டியை மூன்று வாரமாகப் பலரும் திறந்து மூடியிருந்தோம்.

எவ்வளவு நீர் இருந்திருக்கும்? பத்து லட்சம் பங்கில் 500 பங்கு, அதாவது 500 பிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லி டி.எச்.எஃப். ஏறத்தாழ 89 கிராம் எடை. அதில் நீர் 44 மில்லிகிராம். ஒரு துளிகூட இல்லை. ஆனால் மூலக்கூறுக் கணக்கில் அது 2.5 மில்லிமோல். நான் உண்டாக்க நினைத்த கிரிக்னார்ட் சேர்மமோ 10 மில்லிமோல்தான். ஒரு நீர் மூலக்கூறு ஒரு கிரிக்னார்ட் மூலக்கூறைக் கொன்றுவிடும். ஆக, வினை தொடங்கினாலும் கால்வாசி பாழ்.

இந்த நீர் வந்த வழி காற்றுதான். 30 டிகிரி வெப்பத்தில், ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய மழைக்காலக் காற்றில் லிட்டருக்கு ஏறக்குறைய 25 மில்லிகிராம் நீராவி இருக்கும். பாதி காலியான ஒரு லிட்டர் புட்டியைத் திறந்து உள்காற்று மாறிவிட்டால் 12 மில்லிகிராம் நீர் உள்ளே போகிறது. புட்டியில் மீதமுள்ள அரை லிட்டரில் நான் சொன்ன 500 பிபிஎம் சேர ஏறக்குறைய இருபது முறை திறந்தால் போதும்.

இந்த நீரை எடுக்க எந்த உலர்த்தியைப் போடுவது? சோடியம் சல்பேட், மெக்னீசியம் சல்பேட் போன்றவை பிரித்தெடுத்த கரைசலில் தங்கிய கொஞ்ச ஈரத்தை வாங்கப் போதும். பிபிஎம் அளவுக்கு இறங்க அவற்றால் முடியாது. நாங்கள் படித்த காலத்தில் சோடியம் உலோகமும் பென்சோபீனோனும் போட்டுக் காய்ச்சி வடிப்போம். கரைப்பான் ஆழ்ந்த நீலமாகிவிட்டால் ‘காய்ந்தாச்சு’ என்று முடிவு. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம்ஸ், லாட்டன் இருவரும் 2010-இல் இதை அளந்து பார்த்தார்கள். நீல நிறம் வந்த டி.எச்.எஃப்-இல் இன்னும் 40 பிபிஎம்முக்கு மேல் நீர் இருந்தது. மூலக்கூறுச் சல்லடை மணிகளைப் போட்டு வைத்ததிலோ ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தது. சோடியத்தின் நெருப்பு அபாயமும் இல்லை.

சல்லடை மணி என்பது சியோலைட் எனும் அலுமினோசிலிகேட் உருண்டை. உள்ளே ஒரே அளவுள்ள நுண்துளைகள். நீர் மூலக்கூறு நுழையும். பெரியது வெளியே நிற்கும். கடையில் 3 ஆங்ஸ்ட்ராம், 4 ஆங்ஸ்ட்ராம் என்று இரு வகை கிடைக்கும். டி.எச்.எஃப்-க்கு இரண்டும் ஒத்துவரும். மெத்தனால் என்றால் 3-ஐத்தான் எடுக்க வேண்டும். 4-இன் துளைக்குள் மெத்தனாலே புகுந்து நீருக்கான இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வாங்கிய மணிகளை அப்படியே கொட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. டப்பாவிலேயே அவை காற்றின் ஈரத்தைக் குடித்திருக்கும். 300 டிகிரியில் குறைந்தது மூன்று மணி நேரம் சுட்டு, ஈரம் புகாமல் ஆறவைக்க வேண்டும். 110 டிகிரி சாதாரண ஓவன் போதாது. சுட்டது சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. ஆறிய மணிகள் இரண்டு மூன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். நன்றாகச் சுட்ட மணி சுரீரென்று சூடேறும். சும்மா இருந்தால் அது ஏற்கெனவே வயிறு நிறைந்த மணி.

100 மில்லி கரைப்பானுக்கு 20 கிராம் மணி போடுவேன். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீரை அது பிடிக்கும் என்பதால் 44 மில்லிகிராமுக்குக் கால் கிராமே போதும் என்று கணக்கு சொல்லும். ஆனால் நீர் குறையக் குறைய, எஞ்சிய சில மூலக்கூறுகள் மணியின் உள்துளையைத் தேடிச் சேர நாளாகும். அதனால்தான் இவ்வளவு மணி, கூடவே இரண்டு மூன்று நாள் காத்திருப்பு.

இத்தனைக்குப் பிறகும் ‘காய்ந்தது’ என்று சொல்ல ஓர் அளவீடு வேண்டும். அதற்குக் கார்ல் ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. அயோடினும் சல்பர் டைஆக்சைடும் வினைபுரிய நீர் தேவை. ஒரு நீர் மூலக்கூறுக்கு ஓர் அயோடின் மூலக்கூறு செலவாகும். செலவான அயோடினை அளந்தால் நீர் தெரிந்துவிடும். இன்றைய கருவி அயோடினை மின்சாரத்தால் உண்டாக்கி, ஓடிய மின்னூட்டத்தை எண்ணுகிறது. ஒரு மில்லிகிராம் நீருக்கு 10.7 கூலும். எங்கள் புட்டியிலிருந்து சிரிஞ்சில் ஒரு மில்லி எடுத்துச் செலுத்தியபோது திரையில் 480 பிபிஎம் என்று வந்தது. மணி போட்டு மூன்று நாள் கழித்து 9. மறுபடி செய்த வினையில் பத்தே நிமிடத்தில் பழுப்பு மறைந்தது.

திடப்பொருளில் ஏமாற்றம் வேறு விதம். வடிகட்டிய படிகத்தை வேக்கம் ஓவனில் வைக்கிறோம். அழுத்தம் இருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் நீர் 33 டிகிரியிலேயே கொதிக்கும்; சூட்டில் கெடும் பொருளையும் இப்படிக் காயவைக்கலாம். ஆனால் கட்டியாகப் போட்டால் மேலே ஓடு கட்டி, உள்ளே ஈரம் நிற்கும், வெயிலில் தடிமனாகப் பிழிந்த வடகம் போல. நொறுக்கி மெல்லியதாகப் பரப்ப வேண்டும். வெற்றிடத்தை விடுவிக்கும்போதும் அறைக் காற்றை விடாமல் நைட்ரஜனை விடுவது நல்லது.

காய்ந்ததற்கு அடையாளம் எடை. டெசிக்கேட்டரில் ஆறவைத்து நிறுத்து, மீண்டும் ஒரு மணி நேரம் வைத்து நிறுத்தால் மாற்றம் கிராமுக்கு அரை மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். சூடாகவே நிறுத்தால் மேலெழும் காற்று தட்டைத் தூக்கி, எடையைக் குறைத்துக் காட்டும்.

எடை நின்றுவிட்டது என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 2.497 கிராம் மயில்துத்தத்தை 110 டிகிரியில் வையுங்கள். 0.72 கிராம் குறைந்து எடை நின்றுவிடும். நாள் முழுக்க வைத்தாலும் அசையாது. ஆனால் மயில்துத்தத்தில் ஐந்து நீர் மூலக்கூறுகள், போனது நான்குதான். ஐந்தாவது வெளியேற 200 டிகிரிக்கு மேல் ஏற்ற வேண்டும். அப்போது மொத்த இழப்பு 0.90 கிராமாகும். எடை நின்றதற்குப் பொருள், ‘இந்தச் சூட்டில் போகக்கூடியது போயிற்று’ என்பது மட்டுமே.

டெசிக்கேட்டரின் அடியில் சிலிக்கா ஜெல் நீலமாக இருப்பதும் அப்படித்தான். ஜெல்லுக்கு இன்னும் இடம் இருக்கிறது என்று அது சொல்கிறது. மேலே தட்டில் இருக்கும் பொருளைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.