வீட்டிலிருந்தே சர்வ்சேஃப் தேர்வு

அமெரிக்க உணவகங்களில் மேலாளராக இருப்பவர்கள் எழுதும் உணவுப் பாதுகாப்புத் தேர்வு சர்வ்சேஃப். 90 கேள்விகள், 2 மணி நேரம். வீட்டிலிருந்தும் எழுதலாம், கண்காணிப்பாளர் கேமரா வழியே பார்த்துக்கொண்டிருப்பார்.

பாடம் படித்தவர்களையும் தடுமாற வைப்பது கணினிதான். உணவகம் கொடுத்த லேப்டாப்பில் புது மென்பொருளை நிறுவவோ திரையைப் பகிரவோ அனுமதி இருக்காது. தேர்வு நேரத்தில் அதை மாற்றவும் முடியாது. அதனால் சொந்தக் கணினியே நல்லது. எந்தக் கணினியில், எந்த இணைய இணைப்பில், எந்த அறையில் எழுதப்போகிறீர்களோ, அங்கேயே முந்தைய நாள் சோதித்துப் பாருங்கள். மேக் கணினியில் திரைப்பதிவுக்கு அனுமதி கொடுத்தாலும், பிரவுசரை முழுவதும் மூடித் திறந்தால்தான் அது வேலை செய்யும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

அரசு வழங்கிய, படத்துடன் கூடிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். அதிலுள்ள பெயரும் பதிவு செய்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். கேமராவைச் சுழற்றி மேசை, சுவர், தரை எல்லாவற்றையும் காட்டச் சொல்வார்கள். புத்தகம், குறிப்பு, கைபேசி, இரண்டாவது திரை எதுவும் அருகில் இருக்கக்கூடாது.

கேள்வியை முணுமுணுத்துப் படிப்பதும், அடிக்கடி பக்கவாட்டில் பார்ப்பதும் சந்தேகத்தைக் கிளப்பும். யாராவது அறைக்குள் வந்தால் தேர்வே நிறுத்தப்படலாம். கதவைத் தாழிட்டுவிட்டு உட்காருங்கள். இணைப்பு அறுந்தால் இடத்தைவிட்டு எழாமல் மீண்டும் இணைந்து, நடந்ததைக் கண்காணிப்பாளரிடம் உடனே சொல்லுங்கள்.