சிஜிபிஏ எப்படிச் சதவீதமாகிறது?

வங்கித் தேர்வுக்கோ மேலாண்மைப் படிப்புக்கோ விண்ணப்பம் நிரப்பும்போது, பட்டப்படிப்பில் பெற்ற சதவீதம் என்ன என்று ஒரு கட்டம் கேட்கும். கையில் இருக்கும் மதிப்பெண் பட்டியலிலோ 6.58 என்று சிஜிபிஏ மட்டும்தான் இருக்கும். பத்தால் பெருக்கினால் 65.8 வருகிறது. பலர் அதையே எழுதிவிட்டுப் பணம் கட்டி, தேர்வும் எழுதி, அதில் தேறியும் விடுகிறார்கள். ஆவணச் சரிபார்ப்பு நாளில்தான், ‘பல்கலைக்கழகம் தந்த சதவீத மாற்றுச் சான்றிதழ் எங்கே?’ என்ற கேள்வி வருகிறது. அந்தச் சான்றிதழில் 58.3 என்று இருந்தால், 60 சதவீதம் கேட்ட பதவி அங்கேயே கைவிட்டுப் போய்விடும்.

ஒரே சிஜிபிஏ எப்படி 65.8 ஆகவும் 58.3 ஆகவும் இருக்க முடியும்? அதற்குக் கிரேடு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் படித்தவர்களுக்குப் பழக்கமான முறை இது: 91 முதல் 100 வரை வாங்கினால் 10 புள்ளி, 81 முதல் 90 வரை 9, 71 முதல் 80 வரை 8, 61 முதல் 70 வரை 7, 56 முதல் 60 வரை 6, 50 முதல் 55 வரை 5. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கிரெடிட் எண் உண்டு. பாடத்தின் புள்ளியை அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் அந்த செமஸ்டரின் சராசரி கிடைக்கும். எல்லா செமஸ்டர்களையும் சேர்த்து இதே கணக்கைப் போட்டால் அதுதான் சிஜிபிஏ.

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் ஐந்து பாடங்கள், கிரெடிட் முறையே 4, 4, 3, 3, 2. முதல் மாணவியின் மதிப்பெண்கள் 61, 62, 71, 56, 72. இரண்டாமவர் வாங்கியவை 69, 70, 80, 60, 79. முதல் பாடத்தில் 61-க்கும் 7 புள்ளிதான், 69-க்கும் 7 புள்ளிதான். மற்ற பாடங்களிலும் அப்படியே. ஆகவே இருவருக்கும் புள்ளிகள் 7, 7, 8, 6, 8. கிரெடிட்டோடு பெருக்கிக் கூட்டினால் 114, அதை 16-ஆல் வகுத்தால் 7.125. இருவர் பட்டியலிலும் 7.13 என்றே அச்சாகும்.

ஆனால் பழைய முறைப்படி மதிப்பெண்களைக் கூட்டினால் முதல் மாணவி 500-க்கு 322, அதாவது 64.4 சதவீதம். இரண்டாமவர் 358, அதாவது 71.6 சதவீதம். ஏழு சதவீதத்துக்கும் மேற்பட்ட இடைவெளி கிரேடுக்குள் போனதும் மறைந்துவிட்டது. மறைந்ததை 7.13 என்ற எண்ணிலிருந்து யாராலும் மீட்க முடியாது. எந்தச் சூத்திரத்தைப் போட்டாலும் இருவருக்கும் ஒரே விடைதான் வரும். அது ஒருவருக்காவது உண்மையான சதவீதத்திலிருந்து விலகித்தான் இருக்கும்.

அதனால்தான் சிஜிபிஏ-வைச் சதவீதமாக்குவது கணக்குப் பாடம் அல்ல, ஒரு நிர்வாக முடிவு. பல்கலைக்கழகம் தன் கல்விக்குழுவிலோ ஒழுங்குமுறையிலோ ‘நாங்கள் இப்படி மாற்றுவோம்’ என்று தீர்மானிக்கிறது. அந்தத் தீர்மானத்தை ஒரு மாணவரின் எண்ணுக்குப் பொருத்தி, கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருவதுதான் மாற்றுச் சான்றிதழ்.

நடைமுறையில் உள்ள சூத்திரங்கள் பலவும் மூன்று வகைக்குள் வந்துவிடும். முதல் வகை, சிஜிபிஏ-வை நேராகப் பத்தால் பெருக்குவது. இரண்டாவது வகை, குஜராத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் செய்வதுபோல 0.5-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவது. மூன்றாவது வகை, கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஒழுங்குமுறைகள் சிலவற்றில் இருந்ததுபோல 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்குவது. நம் மாணவிகளின் 7.13-ஐ இவற்றில் போட்டுப் பார்த்தால், முதல் வகையில் 71.3, இரண்டாவதில் 66.3, மூன்றாவதில் 63.8.

இப்போது உண்மைச் சதவீதங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தால் பெருக்கிய 71.3, இரண்டாம் மாணவியின் 71.6-ஐ ஒட்டி நிற்கிறது. 0.75 கழித்த 63.8, முதல் மாணவியின் 64.4-ஐ ஒட்டி நிற்கிறது. இது தற்செயல் அல்ல. 7 புள்ளி என்பது 61 முதல் 70 வரை. அதைப் பத்தால் பெருக்கினால் 70, அதாவது அந்த வரம்பின் உச்சி. எல்லாப் பாடங்களிலும் மாணவர் உச்சியைத் தொட்டார் என்று வைத்துக்கொள்வது போன்றது அது. 0.5 கழித்தால் 65, ஏறத்தாழ வரம்பின் நடு. 0.75 கழித்தால் 62.5, நடுவுக்கும் கீழே. பத்து பத்தாக வகுத்த அளவுகோலுக்கு, 0.5 கழிப்பதே பெரும்பாலானோரின் உண்மைக்கு நெருக்கமானது என்பது என் கணிப்பு. ஆனால் தேர்வு வாரியத்துக்கு நம் கணிப்பு தேவையில்லை. பட்டம் தந்த பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்பதே அதற்கு வேண்டும்.

9.5-ஆல் பெருக்கும் வழக்கம் முன்பு சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் இருந்தது. 91 முதல் 100 வரை வாங்கிய மாணவர்களின் சராசரி 95-ஐ ஒட்டி இருந்ததால், அதைப் பத்தால் வகுத்து 9.5 என்று வைத்தார்கள். பள்ளியில் கேட்டுப் பழகிய அந்த எண்ணையே கல்லூரி சிஜிபிஏ-வுக்கும் போடுபவர்கள் நிறைய பேர். தங்கள் பல்கலைக்கழகம் அதை ஏற்றிருந்தால் ஒழிய அது செல்லாது.

தேர்வு நடத்துவோர் பக்கம் வருவோம். ஐபிபிஎஸ் அறிவிப்புகள், சிஜிபிஏ பெற்றவர்கள் அதைச் சதவீதமாக மாற்றி விண்ணப்பத்தில் குறிப்பிட வேண்டும் என்கின்றன. நேர்காணலுக்கு அழைக்கப்பட்டால், பல்கலைக்கழகத்தின் மாற்று விதி என்ன, அந்த விதிப்படி மாணவரின் சதவீதம் என்ன என்ற இரண்டையும் சொல்லும் சான்றிதழை உரிய அதிகாரியிடம் வாங்கிக் காட்ட வேண்டும். ‘இரண்டையும்’ என்பது முக்கியம். சதவீதத்தை மட்டும் எழுதி, சூத்திரத்தை விட்டுவிட்ட கடிதம் பாதிச் சான்றிதழ்தான். சதவீதத்தின் பின்னத்தை மேலே தள்ளவும் அவர்கள் விடுவதில்லை, 59.99 என்பது 60-க்குக் குறைவு என்றே அச்சிட்டிருப்பார்கள். 6.74 சிஜிபிஏ-வுக்கு 0.75 கழித்தால் 59.9. அதை 60 என்று எழுதினால் அது தவறான தகவல்.

சில நிறுவனங்கள் தாங்களே ஒரு கணக்கை வைத்திருக்கும். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி அறிவிப்புகளில், பல்கலைக்கழகத்துக்கு மாற்று விதி இல்லாதபோது பயன்படும் ஓர் அட்டவணை வரும்: பத்துப் புள்ளி அளவில் 6.75 என்றால் 60 சதவீதம், 6.25 என்றால் 55, 5.75 என்றால் 50. ஏஐசிடிஇ வெளியிட்ட அட்டவணையிலும் 6.25-க்கு 55, 6.75-க்கு 60, 7.25-க்கு 65 என்றே இருக்கிறது. உற்றுப் பார்த்தால் இரண்டுமே அந்த 0.75 கழிக்கும் சூத்திரம்தான்.

ஐஐஎம்களுக்கான கேட் தேர்வு வேறு வழியில் போகிறது. பல்கலைக்கழகம் சான்றளித்த முறை இருந்தால் அதை ஏற்கும். அப்படி ஒரு முறையே இல்லையென்றால், பெற்ற சிஜிபிஏ-வை உச்சபட்ச சிஜிபிஏ-ஆல் வகுத்து நூறால் பெருக்கிக்கொள்ளும்.

முதலில் சொன்ன 6.58-ஐ இந்த இரண்டிலும் வைத்துப் பார்க்கலாம். பல்கலைக்கழகத்துக்கு மாற்று விதி ஏதும் இல்லை என்றால், கேட் கணக்கில் அது 65.8. ரிசர்வ் வங்கி அட்டவணையை வைத்தால் 6.75-க்குக் கீழே இருப்பதால் 60-ஐத் தொடவில்லை. எனவே விண்ணப்பத்தைத் திறப்பதற்கு முன் அந்த ஆண்டின் அறிவிப்பில் கல்வித் தகுதிப் பகுதியின் அடிக்குறிப்புகளைப் படித்துவிட வேண்டும். அட்டவணை பெரும்பாலும் அங்கேதான், சிறிய எழுத்தில் இருக்கும்.

சான்றிதழ் வாங்கும் வேலை பெரிதல்ல, ஆனால் நாள் பிடிக்கும். விண்ணப்பம் போக வேண்டிய இடம் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அலுவலகம். சில இடங்களில் பதிவாளர் அலுவலகம். எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களின் நகல், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழின் நகல், கட்டணம் செலுத்திய ரசீது ஆகியவற்றைக் கேட்பார்கள். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். மதிப்பெண் பட்டியல் தருவது கல்லூரி, பட்டம் தருவது பல்கலைக்கழகம். கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் தரும் சான்றிதழ் போதுமா என்பதை அறிவிப்பின் வாசகத்தை வைத்து முடிவு செய்ய வேண்டும். பல்கலைக்கழகம் என்றே எழுதியிருந்தால் அங்கேயே வாங்கிவிடுவது நல்லது. துறைத் தலைவர் கல்லூரித் தாளில் எழுதித் தரும் கடிதத்தை நம்பிப் போகக் கூடாது.

கைக்கு வந்ததும் கவுன்டரிலேயே நின்று சரிபார்க்க வேண்டியவை உண்டு. பெயரும் பதிவு எண்ணும் பட்டியலில் உள்ளபடி இருக்கின்றனவா, சிஜிபிஏ எத்தனைக்கு எத்தனை என்று இருக்கிறதா, சூத்திரம் எழுதப்பட்டிருக்கிறதா, அந்தச் சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் அவர்கள் எழுதிய சதவீதம் வருகிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னதை ஒரு கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். 6.58-க்கு 0.5 கழிக்கும் விதி என்று எழுதிவிட்டு 65.8 என்று தட்டச்சு செய்திருந்தால், சரிபார்ப்பு மேசையில் சந்தேகம் உங்கள் மேல்தான் விழும்.

இன்னொரு சிக்கல் ஒழுங்குமுறை ஆண்டு. பல்கலைக்கழகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒழுங்குமுறையை மாற்றும்போது கிரேடு வரம்புகளும் சூத்திரமும் மாறலாம். உங்களுக்குப் பொருந்துவது நீங்கள் சேர்ந்த ஆண்டின் ஒழுங்குமுறை. மூத்த மாணவரின் சான்றிதழைப் பார்த்துக் கணக்குப் போட்டு விண்ணப்பத்தில் எழுதினால், உங்கள் சான்றிதழ் வேறு எண்ணோடு வந்து நிற்கும். மதிப்பெண் பட்டியலின் பின்பக்கத்தில் சூத்திரம் அச்சாகியிருந்தால் அது உங்களுக்கு உரியது. அப்படியானால் நகல் எடுக்கும்போது இரண்டு பக்கங்களையும் எடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஸ்கேன் செய்து பதிவேற்றினால் சூத்திரமே இல்லாத பட்டியல்தான் போய்ச் சேரும்.

மாற்று விதியே வைத்திராத பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அங்கே போய் ‘எப்படியாவது ஒரு சதவீதம் போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்பதில் பயனில்லை. இந்தப் பல்கலைக்கழகத்தில் சிஜிபிஏ-வைச் சதவீதமாக்கும் விதி இல்லை என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கேளுங்கள். கேட் போன்ற தேர்வில் வகுத்துப் பெருக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தும் என்பதற்கு அதுவே ஆதாரமாகும்.