கல்யாண வீடியோவில் ஓடும் பட்டைகள்

மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெளிச்சம் ஒரே சீராகத்தான் தெரிகிறது. அதையே வீடியோவில் பார்த்தால், மணமேடைக்குப் பின்னால் தொங்கும் வெள்ளைத் திரையில் மங்கலான பட்டைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. கேமரா பழுதில்லை. விளக்குதான் உண்மையிலேயே மின்னி மின்னி எரிகிறது.

நம் வீட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னோட்டம் இரண்டு முறை உச்சத்துக்குப் போகும். அதனால் சோக் போட்ட பழைய டியூப்லைட், விநாடிக்கு 100 முறை கூடிக் குறைந்து எரியும். டிரைவர் மலிவாக அமைந்த எல்இடி விளக்கும் அப்படித்தான். குண்டு பல்பின் இழை அதற்குள் ஆறிவிடாததால் அதில் இது அவ்வளவாகத் தெரியாது. கண்ணும் இந்த வேகத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

கேமரா பார்த்துவிடும். பெரும்பாலான செல்போன், கேமரா சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகின்றன. ஷட்டர் 1/500 என்றால் ஒவ்வொரு வரிக்கும் 2 மில்லி விநாடிதான் வெளிச்சம் கிடைக்கும். விளக்கின் ஒரு துடிப்புக்கோ 10 மில்லி விநாடி ஆகிறது. உச்சத்தில் சிக்கிய வரி பளிச்சிடும். தாழ்வில் சிக்கியது இருண்டுபோகும். பட்டை பிறப்பது இப்படித்தான்.

ஷட்டரை 1/100 ஆக்கினால் ஒவ்வொரு வரிக்கும் முழுதாக ஒரு துடிப்பு கிடைக்கிறது. 1/50 என்றால் இரண்டு. தொடர்ந்து ஏழு நாளை எங்கிருந்து எண்ணினாலும் அதில் ஒரே ஒரு ஞாயிறு வருவதுபோல, வரி எந்த நொடியில் தொடங்கினாலும் வெளிச்சத்தின் அளவு மாறாது.

மண்டப வீடியோவில் நடந்த கோளாறும் இதுதான். விநாடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் ஒன்றே முக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாகத்தான் அடங்கும். ஃபிரேம் எண்ணிக்கையைத் தொடாமல் ஷட்டரை மட்டும் 1/50க்கு இறக்கினாலே போதும். வெளிச்சம் சற்றுக் கூடினால் ஐஎஸ்ஓவைக் குறைத்துக்கொள்ளலாம். அமெரிக்கா, கனடாவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் என்பதால் அங்கே 1/60, 1/120தான் சரி. அங்கு வாங்கிய கேமராவை இங்கே கொண்டுவந்தால், மெனுவில் ஃபிளிக்கர் அமைப்பு 50 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த வழி எல்லா இடத்திலும் பலிக்காது. விநாடிக்கு 240 ஃபிரேமில் ஸ்லோமோஷன் எடுக்கும்போது ஒரு ஃபிரேமுக்கே 4 மில்லி விநாடி சொச்சம்தான். அதில் 10 மில்லி விநாடித் துடிப்பு அடங்காது. டிம்மரில் குறைத்து வைத்த சில எல்இடிகளும், எல்இடி திரைகளும் மின்சாரத்தோடு தொடர்பில்லாத தங்கள் சொந்த வேகத்தில் மின்னும். 1/50, 1/100 இரண்டிலும் பட்டை போகவில்லை என்றால் சந்தேகம் இவற்றின் மேல்தான். டிம்மரை முழுதாகத் திறந்தோ, ஷட்டரைச் சிறிது சிறிதாக மாற்றியோ பார்க்க வேண்டும். அந்த வெளிச்சம் விழும் வெள்ளைச் சுவரைச் சில விநாடி எடுத்துப் பார்த்தால், முகூர்த்தத்துக்கு முன்பே பிரச்சினை தெரிந்துவிடும்.